எந்தத் தேதிக்கும் கிழமையை மனக்கணக்கில் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேதியைச் சொன்னதும் கிழமையைச் சொல்கிறார்களே, எல்லாம் மனப்பாடமா?

மனப்பாடம் கொஞ்சம்தான், மீதி கூட்டல். ஒவ்வொரு ஆண்டிலும் சில தேதிகள் எப்போதும் ஒரே கிழமையில்தான் விழும். அந்தக் கிழமையைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆண்டின் மற்ற எந்தத் தேதிக்கும் சில நாள் முன்னே பின்னே எண்ணினால் போதும்.

நம் ஊர் உதாரணமே கையில் இருக்கிறது. சுதந்திர தினம் ஆகஸ்ட் 15, ஆசிரியர் தினம் செப்டம்பர் 5, குழந்தைகள் தினம் நவம்பர் 14. இந்த மூன்றும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமைதான். 2026-இல் மூன்றும் சனிக்கிழமை. 2027-இல் மூன்றும் ஞாயிறு, அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நாளும் நஷ்டம். வீட்டில் பழைய காலண்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இந்தப் பொதுவான கிழமையை இந்தப் பக்கம் முழுக்க ‘ஆண்டுக்கிழமை’ என்று சொல்கிறேன். அதில் விழும் தேதிகளைக் ‘கைப்பிடித் தேதிகள்’ என்கிறேன். இரண்டும் நான் வைத்துக்கொண்ட பெயர்கள். முறையை உருவாக்கியவர் ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணித மேதை. 1970-களில் இதை அமைத்து, டூம்ஸ்டே என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்.

எந்தெந்தத் தேதிகளை நினைவில் வைக்க வேண்டும்?

இரட்டைப்படை மாதங்களில் தொடங்குவோம், அவைதான் சுலபம். 4/4, 6/6, 8/8, 10/10, 12/12. ஏப்ரல் நான்கு, ஜூன் ஆறு என்று மாதத்தின் எண்ணே தேதி.

அடுத்து இரண்டு ஜோடிகள்: 5-உம் 9-உம், 7-உம் 11-உம். மே 9, செப்டம்பர் 5, ஜூலை 11, நவம்பர் 7. தேதியை முன்னே போடுவதா மாதத்தை முன்னே போடுவதா என்று நாமும் அமெரிக்கர்களும் சண்டை போட வேண்டியதில்லை. 5/9 என்பதை எப்படிப் படித்தாலும் கைப்பிடித் தேதிதான்.

மார்ச்சுக்கு 7 அல்லது 14. பிப்ரவரிக்கு அதன் கடைசி நாள்: சாதாரண ஆண்டில் 28, லீப் ஆண்டில் 29. ஜனவரிக்கு, மூன்று ஆண்டுகள் 3-ஆம் தேதி, நான்காவதாக வரும் லீப் ஆண்டில் 4-ஆம் தேதி. ‘மூன்று வருஷம் மூன்று, நான்காம் வருஷம் நான்கு’ என்று சொல்லிக்கொண்டால் மறக்காது.

சினிமாப் பிரியர்களுக்கு இன்னும் வசதி. கமல்ஹாசன் பிறந்தது நவம்பர் 7, ரஜினிகாந்த் பிறந்தது டிசம்பர் 12. இரண்டும் கைப்பிடித் தேதிகள். எந்த ஆண்டிலும் இருவர் பிறந்தநாளும் ஒரே கிழமையில்தான் வரும்.

இது தற்செயலா, இல்லை கணக்கு இருக்கிறதா?

கணக்குதான். ஏப்ரலுக்கு 30 நாள், மே மாதத்துக்கு 31 நாள், சேர்த்தால் 61. ஏப்ரல் 4-இலிருந்து ஜூன் 4 வரை 61 நாள் என்றால், ஜூன் 6 வரை 63. அது சரியாக ஒன்பது வாரம், எனவே கிழமை மாறாது. ஜூன்–ஜூலை, ஆகஸ்ட்–செப்டம்பர், அக்டோபர்–நவம்பர் ஜோடிகளும் 61 நாள்தான். அதனால்தான் 4/4 முதல் 12/12 வரை சங்கிலி அறுபடாமல் போகிறது.

பிப்ரவரியின் கடைசி நாளை ‘மார்ச் 0’ என்று நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து ஏப்ரல் 4 வரை 35 நாள், ஐந்து வாரம். லீப் நாளின் தொல்லை முழுக்க ஜனவரி, பிப்ரவரியோடு முடிந்துவிடுவதற்கும் காரணம் இதுதான். மார்ச் முதல் டிசம்பர் வரை அது லீப் ஆண்டா என்று தேதிப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

சரி, ஆண்டுக்கிழமையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிழமைகளுக்கு எண்: ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3, வியாழன் 4, வெள்ளி 5, சனி 6. நமக்கு ஞாயிற்றை 1 என்று எண்ணித்தான் பழக்கம். இங்கே அது 0 என்பதை மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

நூற்றாண்டின் தொடக்க ஆண்டுக்கு ஒரு கிழமை உண்டு. 1900-க்குப் புதன், 2000-க்குச் செவ்வாய். வாழ்க்கையில் கேட்கப்படும் தேதிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டே போதும்.

பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். அதில் 12 எத்தனை முறை போகும்? மீதி என்ன? அந்த மீதியில் 4 எத்தனை முறை போகும்? மூன்று விடைகளையும் கூட்டி, ஏழு ஏழாகக் கழித்துவிட்டு, மிச்சத்தை நூற்றாண்டுக் கிழமையோடு சேர்த்தால் ஆண்டுக்கிழமை.

1947-க்குச் செய்வோம். 47-இல் 12 மூன்று முறை போகும் (36), மீதி 11, அந்தப் பதினொன்றில் 4 இரண்டு முறை. 3 + 11 + 2 = 16. பதினான்கைக் கழித்தால் 2. புதனிலிருந்து இரண்டு நாள் தள்ளினால் வெள்ளி. ஆகஸ்ட் 8 கைப்பிடித் தேதி, அதோடு ஏழு சேர்த்தால் 15. எனவே இந்தியா விடுதலை பெற்றது வெள்ளிக்கிழமை. இங்கே கடைசிப் படியே தேவைப்படவில்லை.

எதற்கு 12-ஆல் வகுக்க வேண்டும்?

சாதாரண ஆண்டில் 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஆண்டுக்கு ஆண்டு கிழமை ஒன்று தள்ளும், லீப் ஆண்டில் இரண்டு தள்ளும். பன்னிரண்டு ஆண்டில் மூன்று லீப் வரும், 12 + 3 = 15. அதில் இரண்டு வாரம் போனால் மிச்சம் ஒன்று. ஆகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு கிழமை நகர்வு. கணக்கைச் சுருக்கும் தந்திரம் அவ்வளவுதான். மீதி ஆண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றுக்குள் வரும் லீப்களைத் தனியாகச் சேர்க்கிறோம்.

முழுசாக ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், கைப்பிடித் தேதியாக இல்லாத ஒன்றை.

காந்தி கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30-ஐ எடுப்போம். வேண்டுமென்றே இதை எடுக்கிறேன், ஏனென்றால் தடுக்கி விழும் இடம் இதில் இருக்கிறது.

48-இல் 12 நான்கு முறை, மீதி இல்லை. மொத்தம் 4. புதனோடு நான்கு சேர்த்தால் 3 + 4 = 7, அதாவது 0, ஞாயிறு. 1948-இன் ஆண்டுக்கிழமை ஞாயிறு.

இப்போது ஜனவரி. 48 நான்கால் வகுபடும், லீப் ஆண்டு, எனவே கைப்பிடித் தேதி 4. ஜனவரி 4 ஞாயிறு என்றால் 11, 18, 25-உம் ஞாயிறு. 26 திங்கள், 27 செவ்வாய், 28 புதன், 29 வியாழன், 30 வெள்ளி. அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.

லீப் என்பதைக் கவனிக்காமல் ஜனவரி 3-ஐப் பிடித்திருந்தால் விடை சனி என்று வந்திருக்கும். இந்த முறையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான்.

கழித்து எண்ண வேண்டிய உதாரணமும் ஒன்று. பாரதியார் பிறந்தது 1882 டிசம்பர் 11. 1800-க்கான கிழமை வெள்ளி (அது எப்படி என்று கீழே வருகிறது). 82-இல் 12 ஆறு முறை, மீதி 10, அதில் 4 இரண்டு முறை. கூட்டினால் 18, ஏழுகளைக் கழித்தால் 4. வெள்ளி 5, அதோடு 4 சேர்த்தால் 9, கழித்தால் 2, செவ்வாய். டிசம்பர் 12 செவ்வாய் என்றால் 11 திங்கள். பாரதி பிறந்தது திங்கட்கிழமை.

1800, 1700 எல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

1600 செவ்வாய், 1700 ஞாயிறு, 1800 வெள்ளி, 1900 புதன், 2000 மறுபடி செவ்வாய், 2100 மறுபடி ஞாயிறு. நான்கே கிழமைகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. திங்கள், வியாழன், சனிக்கு இந்த வட்டத்தில் இடமே இல்லை.

நூறு ஆண்டுக்கு இரண்டு கிழமை பின்னால் போகும்: செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன். 1900-இலிருந்து 2000-க்கு மட்டும் ஒன்றுதான் பின்னால் போகிறது, ஏனென்றால் 2000 லீப் ஆண்டு. 1700, 1800, 1900 மூன்றும் லீப் இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப். 400 ஆண்டில் மொத்தம் 1,46,097 நாள், அது மீதியில்லாமல் 20,871 வாரம். அதனால் 400 ஆண்டுக்கு ஒருமுறை காலண்டர் அச்சு அசலாகத் திரும்பி வருகிறது.

எதிர்காலத் தேதிக்கும் இதே முறைதானா?

அதேதான், மாற்றமே இல்லை. சுதந்திரத்தின் நூறாவது ஆண்டு, 2047 ஆகஸ்ட் 15. மேலே 47-க்குப் போட்ட கணக்கில் மிச்சம் 2 வந்தது, அதையே செவ்வாயோடு சேருங்கள்: வியாழன். 1947-இல் வெள்ளி, 2047-இல் வியாழன். நூற்றாண்டுக் கிழமை ஒன்று பின்னால் போனது அப்படியே தெரிகிறது.

28 வருஷத்துக்கு ஒருமுறை பழைய காலண்டரையே மாட்டலாமாமே?

மாட்டலாம், 1901-க்கும் 2099-க்கும் நடுவில் இருக்கும் வரை. 28 ஆண்டில் ஏழு லீப், 28 + 7 = 35, சரியாக ஐந்து வாரம். ஆனால் 2100 லீப் ஆண்டு இல்லை என்பதால் அதைத் தாண்டும்போது இந்தக் கணக்கு உடையும். தேதி–கிழமை மட்டும்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினசரி காலண்டரில் இருக்கும் திதியும் நட்சத்திரமும் பொருந்தாது, அதை நம்பி முகூர்த்தம் பார்த்துவிடாதீர்கள்.

எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடே தகராறு. வேறு வழி?

இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும் என்ற வழி ஒன்று உண்டு. கடைசி இரண்டு இலக்கங்களை எடுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் 11 கூட்டுங்கள். பாதியாக்குங்கள். இப்போதும் ஒற்றைப்படையாக இருந்தால் மறுபடி 11 கூட்டுங்கள். ஏழுகளைக் கழியுங்கள். மிச்சத்தை ஏழிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் நூற்றாண்டுக் கிழமையோடு சேர்க்க வேண்டிய எண்.

47 ஒற்றை, 11 கூட்டினால் 58. பாதி 29. ஒற்றை, மறுபடி 11 கூட்டினால் 40. முப்பத்தைந்து போனால் 5. ஏழிலிருந்து கழித்தால் 2. முன்பு வந்த அதே 2.

ஒரே நேரத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் மனதில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது இதன் நல்ல குணம். மூன்று எண்களைச் சுமக்க வேண்டியதில்லை. கடைசியில் ஏழிலிருந்து கழிக்க மறந்துபோவது இதன் கெட்ட குணம். நான் பன்னிரண்டு முறையிலேயே இருக்கிறேன், ஏனென்றால் அதில் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

மாதத்துக்கு ஒரு எண் வைத்து 0, 3, 3, 6 என்று கூட்டுவார்களே, அது தவறா?

தவறில்லை, அதுவும் சரியான விடைதான் தரும். பன்னிரண்டு எண்களை அர்த்தமில்லாமல் மனப்பாடம் செய்ய வேண்டும், அதுதான் சிக்கல். ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டு, அக்டோபரின் எண் மறந்துபோனால் முறையே படுத்துவிடும். கைப்பிடித் தேதி மறந்தால் 4/4-இலிருந்து எண்ணித் திரும்பப் பிடித்துவிடலாம்.

கணக்கு சரியாகத்தான் போடுகிறேன், விடை மட்டும் ஒரு நாள் தப்புகிறது. ஏன்?

எங்கே தப்புகிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் தப்பினால் மேலே சொன்ன 3–4 குழப்பம். 2000-த்துக்குப் பிந்தைய தேதிகளில் எல்லாம் தப்பினால், செவ்வாய்க்குப் பதில் புதனை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளில் மட்டும் எல்லா மாதமும் தப்பினால், மீதியில் எத்தனை 4 என்ற மூன்றாவது கேள்வியை விட்டிருப்பீர்கள்.

எல்லா இடத்திலும் தப்புகிறது என்றால் எண்ணும் பழக்கத்தைப் பாருங்கள். ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்று நம் வீட்டில் சொன்னால் அடுத்த வாரம் இதே கிழமை, ஏனென்றால் நாம் இன்றையும் சேர்த்து எண்ணுகிறோம். அந்தப் பழக்கத்தில் செவ்வாயோடு மூன்று சேர்க்கச் சொன்னால் செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் மடக்கி வியாழனில் நிறுத்திவிடுவார்கள். விடை வெள்ளி. நின்ற இடத்தை எண்ணாமல் அடுத்த நாளிலிருந்து ‘ஒன்று’ என்று தொடங்க வேண்டும். விரலை நம்பாமல் 2 + 3 = 5 என்று எண்ணிலேயே கூட்டினால் இந்தத் தொல்லை வராது.

என் ஜாதகத்தில் ஒரு கிழமை, கணக்கில் ஒரு கிழமை வருகிறது. எது சரி?

பிறந்த நேரத்தைப் பாருங்கள். நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவில் பிறந்திருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். ஆஸ்பத்திரிப் பதிவில் செவ்வாய் விடியற்காலை மூன்று மணி என்று இருப்பவருக்கு ஜாதகத்தில் திங்கட்கிழமை என்றுதான் இருக்கும். இந்த முறை நள்ளிரவில் மாறும் ஆங்கிலத் தேதிக்கானது, எனவே செவ்வாய் என்று சொல்லும்.

பகலில் பிறந்தும் பொருந்தவில்லை என்றால், எழுதப்பட்ட தேதியிலேயே பிழை இருக்கலாம்.

பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி நிஜமா என்று இதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவின் சான்றிதழில் 1958 ஜூன் 10 என்று இருக்கிறது. ஆனால் பாட்டி எப்போதும் ‘அவ வெள்ளிக்கிழமை காலைல விளக்கேத்துற நேரத்துல பொறந்தவ’ என்றுதான் சொல்வார்.

58-இல் 12 நான்கு முறை, மீதி 10, அதில் 4 இரண்டு. மொத்தம் 16, மிச்சம் 2. புதனோடு 2 சேர்த்தால் வெள்ளி. ஜூன் 6 வெள்ளி, அப்படியென்றால் ஜூன் 10 செவ்வாய். பாட்டி சொன்னது பொருந்தவில்லை.

ஜூன் 10 வெள்ளியாக வேண்டுமென்றால் ஜூன் 6 திங்களாக இருக்க வேண்டும், அதாவது ஆண்டுக்கிழமை திங்கள். 1958-க்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆண்டுகள் 1955-உம் 1960-உம். இரண்டில் எது? அல்லது ஆண்டு சரியாக இருந்து தேதிதான் தவறா? ஜூன் மாதத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். கிழமைக் கணக்கு ‘இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது’ என்று மட்டும்தான் சொல்லும். எது பொய் என்று சொல்லாது. பாட்டிக்கே மறந்திருக்கவும் கூடும், ஏழில் ஒரு வாய்ப்பு தற்செயலாகப் பொருந்திப்போகவும் உண்டு.

எவ்வளவு பழைய தேதி வரைக்கும் இது வேலை செய்யும்?

இன்றைய கிரிகோரியன் காலண்டர் 1582 அக்டோபரில் தொடங்கியது. அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளி என்று மாற்றினார்கள். தேதி பத்துத் தாண்டியது, கிழமை தாண்டவில்லை. ஆனால் எல்லா நாடும் அன்றே மாறவில்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரையே வைத்திருந்தது. அங்கே 1752 செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழன்.

இது நம் கடற்கரையில் விசித்திரமான நிலையை உண்டாக்கியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6-இல் தொடங்குகிறது. அவர் இருந்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, அங்கே புதிய காலண்டர். கணக்குப் போடுங்கள்: 1700-க்கு ஞாயிறு, 36-இல் 12 மூன்று முறை, மீதி இல்லை, எனவே புதன். செப்டம்பர் 5 புதன், 6 வியாழன். அதே வியாழக்கிழமையன்று வடக்கே சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் கணக்கேட்டில் தேதி ஆகஸ்ட் 26. இரண்டு ஊருக்கும் கிழமை ஒன்று, தேதி பதினொரு நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் எழுதிய தேதியை அப்படியே இந்த முறையில் போட்டால் தவறான கிழமைதான் வரும். முதலில் பதினொரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சென்னை தினத்துக்கும் இந்தக் கண்ணி உண்டு. 1639 ஆகஸ்ட் 22 என்பதை நேராகப் போட்டால் திங்கள் வரும் (1600-க்குச் செவ்வாய், 39-க்கு 3 + 3 = 6, ஆகஸ்ட் 22 கைப்பிடித் தேதி). ஆனால் அன்றைய ஆங்கிலேயர் பழைய காலண்டர்க்காரர்கள். அது அவர்கள் எழுதிய தேதி என்று கொண்டால், 1700-க்கு முன் வித்தியாசம் பத்து நாள். நம் கணக்கில் அது செப்டம்பர் 1, கிழமை வியாழன்.

பழைய ஆங்கில ஆவணங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் எழுதியிருக்கும் ஆண்டு நம் கணக்குக்கு ஒன்று குறைவாக இருக்கலாம்.

போட்ட விடை சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

லினக்ஸ் கணினி இருந்தால் இது போதும்:

```
date -d 1948-01-30 +%A
cal 9 1752
```

முதல் வரி கிழமையைச் சொல்லும். இரண்டாவது வரியை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள்: பெரும்பாலான லினக்ஸ்களில் 1752 செப்டம்பர் 2-க்குப் பக்கத்தில் 14 நிற்கும்.

எக்செல்லில் சரிபார்ப்பவர்கள் 1900 மார்ச் 1-க்கு முந்தைய தேதிகளை நம்ப வேண்டாம். அது 1900-ஐ லீப் ஆண்டு என்று தவறாக எடுத்துக்கொள்கிறது, பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். 1900 ஜனவரி 1 திங்கள், எக்செல் ஞாயிறு என்று சொல்லும்.

எத்தனை நாளில் பழகும்?

நடப்பு ஆண்டோடு தொடங்கினால் ஒரு வாரம். 2026-க்குச் சனி என்று மட்டும் வைத்துக்கொண்டு, யாராவது ‘மே 20 என்ன கிழமை?’ என்று கேட்கும்போதெல்லாம் போனை எடுக்காமல் சொல்லிப் பாருங்கள். மே 9 சனி, 16 சனி, எனவே 20 புதன். இது கைவந்த பிறகு ஆண்டுகளுக்குப் போங்கள். முதலில் 2000-த்துக்குப் பிந்தியவை, அப்புறம் 1900-கள். சொந்தக்காரர்களின் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் நல்ல பயிற்சி, விடை தவறினால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வேகம் அதற்குப் பிறகு தானாக வரும். கான்வே தன் கணினியில் நுழைய வேண்டுமென்றால் கண்டபடி கேட்கப்படும் தேதிகளுக்குக் கிழமை சொல்லியாக வேண்டும் என்று அமைத்து வைத்திருந்தாராம். பழகிய கைக்கு ஒரு தேதிக்கு ஒன்றிரண்டு நொடிதான் ஆகும்.

அவருடைய தேதிகளையே கடைசிப் பயிற்சியாகப் போட்டுப் பாருங்களேன். பிறந்தது 1937 டிசம்பர் 26, இறந்தது 2020 ஏப்ரல் 11. எங்கிருந்தும் எண்ண வேண்டியதில்லை: டிசம்பர் 12-க்குப் பதினான்கு நாள் கழித்து ஒன்று, ஏப்ரல் 4-க்கு ஏழு நாள் கழித்து மற்றது. இரண்டுமே கைப்பிடித் தேதிகள். ஒன்று ஞாயிறு, மற்றது சனி.